குடித்த மறுநாள் விழுங்கும் பனடோல்



சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் லயத்துக் கடையில் அதிகம் விற்பது என்ன என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும். இரண்டு பனடோல், ஒரு சோடா. முதல் நாள் குடித்தவருக்குத் தலை வெடிக்கிறது, உடம்பு முறுக்குகிறது. பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது. அதனால் சோறு தண்ணி இல்லாமல் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிறார். இதில் ஒரு ஆபத்து இருப்பதை நாம் யாரும் பேசுவதில்லை. சாராயத்தைப் பற்றிப் பேசுகிறோம், கசிப்பைப் பற்றிப் பேசுகிறோம். அதோடு சேர்ந்து போகும் அந்த வெள்ளை மாத்திரையைப் பற்றியும் பேசவேண்டும்.

பனடோல் என்று நாம் சொல்வது பரசிட்டமோல் மருந்து. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. அளவோடு எடுத்தால் நல்ல மருந்துதான். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையை ஈரல் செய்கிறது. பெரும்பகுதி தீங்கில்லாமல் போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் ஈரலுக்குள்ளேயே நஞ்சாக மாறும். அந்த நஞ்சை அடக்க ஈரலில் ஒரு காப்புப் பொருள் இருக்கிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருந்துதான் உடம்பு அதைச் செய்கிறது.

நாள்தோறும் குடிக்கிறவரின் ஈரலில் இரண்டு மாற்றம் நடக்கிறது. பரசிட்டமோலை நஞ்சாக மாற்றும் வேலை அதிகமாகிறது. அதை அடக்கும் காப்புப் பொருள் குறைகிறது. குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் அது இன்னும் குறைகிறது. போதை தெளிந்துவிட்டது, இனி மாத்திரை போட்டால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வழக்கமாகக் குடிப்பவருக்கு அது தவறு. சாராயம் உடம்பில் இருக்கும்வரை ஈரலின் அந்த வேலையில் ஒரு பகுதி சாராயத்தோடு போய்விடும். சாராயம் இறங்கிய பிறகு ஈரல் முழு வேகத்தோடு மருந்தின் பக்கம் திரும்புகிறது. தலைவலிக்கு நாம் மாத்திரை தேடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவ்வாத்து வெட்டும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எடை 45 கிலோ. பல வருடமாகக் குடிப்பவர். சனிக்கிழமை இரவு நன்றாகக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். ஞாயிறு காலை 6 மணிக்கு இரண்டு பனடோல். 10 மணிக்கு வலி திரும்பியதும் இன்னும் இரண்டு. மத்தியானம் மூக்கு ஒழுகுகிறது என்று கடையில் தடிமனுக்கு இரண்டு மாத்திரை வாங்கினார். தடிமன் மாத்திரை பலதிலும் பரசிட்டமோல் கலந்திருக்கிறது. இதிலும் 500 மில்லிகிராம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. மாலையில் இரண்டு, படுக்கும்போது இரண்டு. மொத்தம் பத்து மாத்திரை, 5,000 மில்லிகிராம்.

நல்ல உடம்புள்ள பெரியவர் ஒருவருக்கே 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைதான் எல்லை. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், நாள்தோறும் குடிப்பவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள் எல்லாருக்கும் எல்லை இன்னும் கீழே. ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வேண்டாம் என்றே பல வைத்தியர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம்முடைய கவ்வாத்துக்காரர் தன் எல்லையைப்போல இரண்டரை மடங்கு விழுங்கியிருக்கிறார். சாகவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும் என்றுதான் நினைத்தார்.

திங்கட்கிழமை அவருக்கு வாந்தி வருகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை. "நேற்று அடிச்சது இன்னும் இறங்கல" என்று வீட்டில் சொல்வார்கள். ஈரல் நஞ்சாவதின் முதல் அடையாளமும் குடியின் மறுநாள் அடையாளமும் ஒன்றுபோலவே இருக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சுகம்போலத் தெரியும், வலதுபக்க விலாவுக்குக் கீழே மட்டும் வலிக்கும். புதன் அல்லது வியாழன் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப்போகும், பேச்சுத் தடுமாறும். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். அளவுக்கு மேல் விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரலை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். பிந்தினாலும் பயன் உண்டு, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

அதனால் கூடுதலாக விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் மஞ்சள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆள் சுகமாகத் தெரிந்தாலும் உடனே கொண்டுபோங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வெறும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். குடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியருக்கு வழி தெரியாமல் போகும்.

இதைப் படித்துவிட்டு வேறு வலி மாத்திரைக்குத் தாவிவிடவும் கூடாது. டைக்குளோபினாக், இபுபுரூபன், அஸ்பிரின் போன்றவை சாராயத்தோடு சேர்ந்தால் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். மலம் தார்போலக் கறுத்துப் போவது அதன் அடையாளம். டெங்குக் காய்ச்சலில் அவை இன்னும் மோசம். குடிப்பழக்கம் உள்ளவருக்கும் எல்லைக்குள் எடுக்கும் பரசிட்டமோல்தான் பெரும்பாலும் பாதுகாப்பு. ஒரு நேரத்துக்கு ஒரு மாத்திரை, அடுத்ததற்கு ஆறு மணி நேரம், நாளைக்கு நான்கோடு நிறுத்தம். கஞ்சியாவது குடித்துவிட்டு எடுக்கவேண்டும். எப்போதாவது ஒரு நாள் கொஞ்சம் குடித்த ஆரோக்கியமான ஆள் மறுநாள் ஒன்றிரண்டு மாத்திரை எடுத்ததற்காகப் பதற வேண்டியதில்லை. ஏற்கனவே ஈரல் நோய் உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது.

இவ்வளவையும் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக நாங்கள் தயாரில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் மாத்திரையை வெட்டிச் சின்னக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுப்பதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம். பையில் மருந்தின் பெயர் இருக்காது. இருந்தாலும் நம் அம்மாமாருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும். கடையில் வாங்கிய மாத்திரையும் மருந்துச்சாலை மாத்திரையும் ஒரே மருந்து என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

எனவே நாங்கள் கேட்பது இரண்டு. ஒவ்வொரு மருந்துப் பையிலும் மருந்தின் பெயர், ஒரு நேர அளவு, ஒரு நாள் எல்லை மூன்றும் தமிழில் எழுதப்படவேண்டும். வலி மாத்திரை கொடுக்கும் முன் "குடிப்பீங்களா, இன்னிக்கு வேற மாத்திரை போட்டீங்களா" என்று மரியாதையோடு கேட்கவேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்து, தலைவர் கையெழுத்தோடு நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். பதில் வரும்வரை நம் வீட்டு மாத்திரை டப்பாவில் நாமே ஒரு துண்டில் எழுதி ஒட்டுவோம்: "குடிக்கிறவருக்கு நாளைக்கு நாலு, அதுக்கு மேல இல்ல." எழுதத் தெரிந்த பிள்ளை எல்லா லயத்திலும் இருக்கிறது.