பிள்ளைகளின் செவியும் வீட்டுப் புகையும்

தோட்டத்து லயங்களில் பிள்ளைக்குக் காது வலி என்றால் அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விடுவார்கள். வலி நின்றால் காரியம் முடிந்தது. அடுத்த மாதம் அதே பிள்ளைக்கு மீண்டும் வலி வரும், சீழ் வடியும். ஆற்றில் குளித்தது ஆகவில்லை என்பார்கள். அந்த வீட்டில் சிகரெட்டோ சுருட்டோ புகைகிறதா என்று கேட்பார் இல்லை. அதைத்தான் நாம் இன்று கேட்கிறோம்.

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு அறை உண்டு. அதற்குக் காற்று போகும் வழி காதுத் துவாரம் அன்று. மூக்கின் பின்புறத்திலிருந்து செல்லும் மெல்லிய குழாயே அதன் வழி. பெரியவர்களுக்கு அக்குழாய் நீண்டு சரிந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறையப் படுத்த வாக்கில் கிடக்கும். அதன் உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை மூக்கின் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பிள்ளை சுவாசிக்கும் புகை அந்த இழைகளை முடக்குகிறது, சுவரை வீங்கச் செய்கிறது. குழாய் அடைபட்டால் அறையில் நீர் கட்டுகிறது. அதில் கிருமி பெருகினால் வலி, காய்ச்சல், சீழ். பெருகாவிட்டால் நீர் மட்டும் பசைபோலத் தங்கிவிடுகிறது. மேலே விடும் எண்ணெய் பறையைத் தாண்டி அங்கே போய்ச் சேராது. பறை கிழிந்திருந்தால் சேரும். அது இன்னும் கேடு.

காது நோயெல்லாம் புகையால்தான் வருகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. சளி பிடிப்பதாலும், மூக்கின் பின்னுள்ள சதை வளர்வதாலும், படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதாலும் வரலாம். ஆனால் பெற்றோர் புகைப்பது பிள்ளைகளின் நடுக்காது நோய்க்கு ஒரு காரணமே என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ஆம் ஆண்டு அறிக்கையில் ஐயத்திற்கு இடமின்றிக் கூறிவிட்டார்.

நாமறிந்த ஒரு லயத்து வீட்டில் இரண்டே அறைகள். தகப்பனார் சிகரெட், தாத்தா சுருட்டு. ஐந்து வயதுப் பையனுக்கு ஓராண்டில் நான்கு முறை காது வலி. ஆறு மாதத்தில் மூன்று முறை அல்லது ஓராண்டில் நான்கு முறை வந்தாலே அதை மீண்டும் மீண்டும் வரும் நோய் என மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பிறகு வலி நின்றது. வீட்டார் நிம்மதி அடைந்தனர். உண்மையில் தொல்லை அப்போதுதான் தொடங்கிற்று. கூப்பிட்டால் திரும்புவதில்லை, தொலைக்காட்சியை உரக்க வைக்கிறான், பாலர் பள்ளியில் மந்தம் என்று பெயர். "திமிர் பிடித்தவன்" என்று அடியும் வாங்கினான். இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு பிறர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவே அவனுக்குக் கேட்டது.

அரசாங்க மருத்துவமனையில் காதுக்குள் சிறு முனையைப் பொருத்திக் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்த்தார்கள். பறை நன்றாக அசைந்தால் காகிதத்தில் மலை முகடு போல் கோடு எழும்பும். இவனுக்கு இரு காதிலும் கோடு தட்டையாகக் கிடந்தது. பசைநீருக்கு மருந்து எழுதாமல், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். தாயாருக்குக் கோபம். ஆனால் அது அலட்சியம் அன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அக்காலத்தில் நீர் தானே வடிந்துவிடும். கிருமிக்கொல்லி மருந்தால் அதற்குச் சொல்லத்தக்க பயனில்லை. வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்று மட்டும் டாக்டர் கேட்டார். மூன்று மாதத்தில் ஒரு காது தெளிந்தது. மற்றதில் நீர் நின்றது. இன்னும் மூன்று மாதம் பார்த்து, கேள்வித்திறனும் குறைவாகவே இருந்ததால் பறையில் சிறு குழாய் வைத்தார்கள்.

சன்னலைத் திறந்து வைத்தேன், காற்றாடி போட்டேன் என்பது பயன் தராது. இரண்டறை வீட்டில் புகை பிள்ளையின் படுக்கைவரை வந்தே தீரும். வாசற்படியில் நின்று புகைப்பதும் அப்படியே. வெளியே தள்ளிப்போய்ப் புகைத்தால் குறையும். சட்டையில் ஒட்டியது அப்போதும் உள்ளே வரும். விட்டுவிடுவதே முழுத் தீர்வு. அதற்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அமலிலுள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் உணவுக்கடையையும் பள்ளியையும் காக்கிறது. லயத்து வீட்டுக்குள் அது நுழையாது.

நிருவாகத்தினரிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. மூன்று மாதம் கழித்து வரச் சொன்ன நாளில், அன்றைய சம்பளம் போகும் என்று பால்மரம் வெட்டும் தாய் போகாமலிருந்தால், அந்தப் பையனின் இரண்டாவது காதை யார் கண்டுபிடித்திருப்பார்? பிள்ளையின் மருத்துவமனைத் தவணைக்குச் சம்பளத்துடன் விடுப்பும், தோட்டத்து வண்டியும் வேண்டுமென்று கிளைச் செயலாளர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் எழுத்து மூலம் வைக்க வேண்டுகிறோம். தவணைச் சீட்டின் நகலைத் தாய்மார்கள் கிளையில் கொடுத்து வைத்தால் அதற்கு ஆதாரம் கிடைக்கும்.