நூல் விலை தெரிந்த கதை

கைத்தறி நெசவாளரைப் பற்றிய சிறுகதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கின்றன. ஊர்க் கடைக்கு ஆலைத்துணி வருகிறது, விலை மலிவு. வழக்கமாக வாங்குகிறவர் வராமல் போகிறார், தறி நின்றுவிடுகிறது. நடந்தது உண்மைதான். ஆனால் கதை கடைவாசலிலேயே நின்றுவிடுவதால் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரை வாசகருக்குத் தெரிவதில்லை.

அவருக்கு ஆலை போட்டியாளர் மட்டுமல்ல. அவர் நெய்யும் நூலும் ஆலையிலிருந்துதான் வருகிறது. தொ. மு. சி. ரகுநாதன் 1953இல் வெளியிட்ட ‘பஞ்சும் பசியும்’ அம்பாசமுத்திரத்து நெசவாளர்களைப் பற்றிய நாவல். அந்த ஊருக்கு அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி நிறுவனத்தின் நூற்பாலை 1880களிலேயே எழுந்துவிட்டது.

ஒரு வேட்டியை எடுத்துக்கொள்வோம். சிட்டா நூலை வாங்கிப் பாவு ஓட்ட வேண்டும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் நீவி, வெயிலில் உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகே தறியில் ஏற்றலாம். மழை பிடித்தால் பாவு உலராது, தறிக்குழியிலும் நீர் ஊறும். அன்று கூலி இல்லை. நூல் விலை ஏறினால் வேட்டி விலையை ஏற்ற முடியாது, பக்கத்திலேயே மலிவான வேட்டி கிடக்கிறது. நூல்காரருக்குக் குறைத்துக் கொடுக்கவும் வழியில்லை. குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பாவு தோய்த்த மனைவிக்கும் தார் சுற்றிய பிள்ளைக்கும் சேர்த்து வரும் அந்தக் கூலி.

1952 இறுதியில் மத்திய அரசு, ஆலைகள் நெய்யும் வேட்டியை முன்பிருந்த அளவில் 60 விழுக்காடாகக் கட்டுப்படுத்தியது. 1953இல் திருச்சியில் அண்ணா கைத்தறித் துணியைத் தெருவில் விற்றார். தேங்கிய சரக்கு கொஞ்சம் நகர்ந்தது. ஆனால் ஆலை விட்ட இடத்தைப் பெருமளவு பிடித்தது விசைத்தறி. 1985இல் கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் வந்தது. அந்தப் பட்டியல் பிற்பாடு 11 வகைகளாகச் சுருங்கியது. இன்று கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையை விற்கிறார்கள். கரையோரம் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

நாங்கள் இருக்கும் அந்தமானில் பருத்தியும் இல்லை, நெசவுத் தெருவும் இல்லை. லுங்கியும் சேலையும் கடல் கடந்தே வருகின்றன. ஆகவே இங்கிருந்து எழுதுகிறவருக்கு வாங்குகிறவரின் பக்கம் நன்றாகத் தெரியும். அவரைத் துரோகியாக்க வேண்டாம். நாள்கூலி வாங்கும் ஒருவர் மலிவான லுங்கியை எடுப்பதில் குற்றமில்லை. அவரிடமும் காசு குறைவு, நெய்தவரிடமும் குறைவு. இடையில் நூல், கடன், சரக்கு எல்லாம் யார் கையில் இருக்கின்றன என்பதை விசாரித்து எழுதும் கதைக்கு இந்த இதழ் பக்கம் ஒதுக்கும்.