நீர் மாத்திரைகளில் எதை முதலில் எழுதுவது? மருத்துவர் அமைப்பின் நிலைப்பாடு

உயர் ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக ஒரு நீர் மாத்திரை தொடங்க வேண்டியிருந்தால், ஹைட்ரோகுளோரோதயசைடுக்குப் பதிலாகக் குளோர்தாலிடோனையோ இண்டபமைடையோ எழுதும்படி எங்கள் அமைப்பு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறது. பழைய மாத்திரையிலேயே அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு எதையும் மாற்ற வேண்டாம். இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எங்கள் நிலைப்பாடு தவறாகிவிடும்.

குளோர்தாலிடோன் புது மருந்து அல்ல. ஹைட்ரோகுளோரோதயசைடு அமெரிக்காவில் 1959-இல் வந்தது, குளோர்தாலிடோன் அடுத்த ஆண்டே வந்துவிட்டது. இரண்டும் சிறுநீரகத்தின் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன: உப்பை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கின்றன. உடலில் எவ்வளவு நேரம் தங்குகின்றன என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய 6 முதல் 15 மணி நேரம் ஆகும். குளோர்தாலிடோன் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அங்குள்ள ஒரு நொதியோடு ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து மெதுவாகக் கசிந்து வரும். அதனால் அது பாதியாக 40 முதல் 60 மணி நேரம் பிடிக்கும். இண்டபமைடு இரண்டுக்கும் நடுவே, 14 முதல் 18 மணி நேரம்.

இந்த நேரக் கணக்கு ஏன் முக்கியம்? காலை 8 மணிக்கு மாத்திரை போடுபவர் 11 மணிக்கு மருத்துவமனைக்கு வந்தால் எந்த நீர் மாத்திரையும் நன்றாக வேலை செய்வதுபோலவே தெரியும். 2006-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு, நாள் முழுவதும் அழுத்தம் பதியும் கருவியைப் பொருத்திப் பார்த்தது. குளோர்தாலிடோன் 25 மி.கி. எடுத்தவர்களுக்கு இரவில் மேல் அழுத்தம் சராசரியாக 13.5 புள்ளி இறங்கியிருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைடு 50 மி.கி., அதாவது இரட்டிப்பு அளவு, எடுத்தவர்களுக்கு 6.4 புள்ளிதான் இறங்கியிருந்தது. மருத்துவமனையில் உட்காரவைத்து எடுத்த அளவுகளில் எட்டாவது வாரத்தில் இந்த வேறுபாடு தெரியவே இல்லை.

அடுத்த காரணம் சான்றுகள். முதியோரின் மேல் அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் 36 சதவீதம் குறையும் என்று 1991-இல் காட்டிய எஸ்.ஹெச்.இ.பி. ஆய்வில் பயன்பட்டது குளோர்தாலிடோன். 2002-இல் வந்த ஆல்ஹாட் ஆய்விலும் அதுதான். 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் சிகிச்சை பலன் தரும் என்று 2008-இல் நிறுவிய ஹைவெட் ஆய்வில் தொடக்க மருந்து இண்டபமைடு 1.5 மி.கி. இந்த முடிவுகளைப் படித்துவிட்டு மருத்துவர்கள் எழுதிக்கொண்டே இருந்தது ஹைட்ரோகுளோரோதயசைடை, அதுவும் பெரும்பாலும் 12.5 மி.கி. அளவில். ஒரு மருந்தின் பலனை வேறொரு மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்ட பழக்கம் இது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இலேயே தன் பரிந்துரையை மாற்றியது. இலங்கையில் 700 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான மும்மருந்து மாத்திரை ஆய்விலும், டெல்மிசார்டான், அம்லோடிபின் ஆகியவற்றோடு சேர்த்த நீர் மருந்து குளோர்தாலிடோன் 12.5 மி.கி.தான். ஆறு மாதத்தில் அந்த மாத்திரை எடுத்தவர்களில் 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் எட்டியவர்கள் 55 சதவீதம்.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராக வைக்கப்படும் மிக வலுவான சான்று 2022-இல் வந்தது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 13,523 முன்னாள் படைவீரர்களில் பாதிப்பேரை ஹைட்ரோகுளோரோதயசைடிலிருந்து குளோர்தாலிடோனுக்கு மாற்றினார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் மாறியவர்களில் 10.4 சதவீதம், மாறாதவர்களில் 10 சதவீதம். வேறுபாடே இல்லை. பொட்டாசியம் குறைவு மட்டும் மாறியவர்களிடம் கூடுதலாக இருந்தது: 6 சதவீதம், மற்றவர்களிடம் 4.4. இதை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். நன்றாக இருப்பவரின் மாத்திரையை மாற்ற வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே 25 அல்லது 50 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தவர்கள். 12.5 மி.கி. போதுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. நம் மருந்துச் சீட்டுகளில் அதிகம் இருப்பது அந்த அளவுதான்.

யாருக்கு மாற்றலாம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 66 வயது அம்மா ஒருவர், மெலிந்த உடல்வாகு. டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரையைக் காலையில் போடுகிறார். மருத்துவமனையில் 134/82. வீட்டில், மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு வாரம் எடுத்த காலை அளவுகளின் சராசரி 156/90. முதலில், மாத்திரை விட்டுப்போகிறதா, மூட்டுவலிக்கு வலி மாத்திரை எடுக்கிறாரா, ஊறுகாயும் அப்பளமும் அளவு மீறுகிறதா என்று கேட்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் குளோர்தாலிடோன் 12.5-க்கு மாற்றலாம். 25 மி.கி.க்குப் பதில் 25 மி.கி. என்று ஈடுகட்டக் கூடாது. மேல் அழுத்தத்தை 10 புள்ளி இறக்க ஹைட்ரோகுளோரோதயசைடு ஏறத்தாழ 26 மி.கி. தேவைப்படும் இடத்தில் குளோர்தாலிடோன் 9 மி.கி.க்கும் குறைவாகவே போதும் என்று பல ஆய்வுகளைத் திரட்டிய கணக்கு சொல்கிறது.

மூன்றாவது வாரம் அவருக்குச் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனை. பொட்டாசியம் 4.1-லிருந்து 3.4-க்கு வந்திருக்கிறது, சோடியம் 135. காலை அழுத்தம் 138/82. இங்கே குளோர்தாலிடோனை 6.25 ஆகக் குறைத்து டெல்மிசார்டானை 80 ஆக்குவது நல்ல வழி. டெல்மிசார்டான் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும். இரண்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை. சோடியம் 130-க்குக் கீழே போயிருந்தால் நீர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், இன்னொரு நீர் மாத்திரையாலும் அதை ஈடுகட்டக் கூடாது. சோர்வு, குமட்டல், தடுமாற்றம், திடீர் மறதி ஆகியவை வயதானவர்களிடம், குறிப்பாக மெலிந்த பெண்களிடம், சோடியம் குறைவதன் அடையாளங்கள். வீட்டார் இதை வயோதிகம் என்று விட்டுவிடுவதுண்டு. குளோர்தாலிடோனை நிறுத்தினாலும் சில நாட்கள் உடலில் இருக்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். எந்தக் குணத்துக்காக அதைத் தேர்ந்தோமோ அதுவே இங்கே தொல்லை.

இரண்டில் எது என்று கேட்பவர்களுக்கு: 80 வயதைக் கடந்தவர்களுக்கு இண்டபமைடு 1.5 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரை. சர்க்கரை, கொழுப்பு அளவுகளை அது அதிகம் கலைப்பதில்லை. சிறுநீரகச் செயல்பாடு 30-க்குக் கீழே இறங்கியவர்களுக்குக் குளோர்தாலிடோன். அத்தகைய 160 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான கிளிக் ஆய்வில், 12.5 மி.கி.யில் தொடங்கி 12 வாரத்தில் அவர்களது மேல் அழுத்தம் 11 புள்ளி இறங்கியது. ஆனால் சிலருக்குக் கிரியாட்டினின் ஏறியது, அதனால் அவர்களை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். கவுட் உள்ளவர்களுக்கும் லித்தியம் எடுப்பவர்களுக்கும் இந்த இரண்டுமே தவிர்க்க வேண்டியவை.

இதையெல்லாம் செய்ய இரண்டு வசதிகள் வேண்டும். குளோர்தாலிடோன் 12.5 மி.கி. வேறு மருந்தோடு சேராத தனி மாத்திரையாகக் கிடைக்க வேண்டும், அப்போதுதான் அளவைத் தனியே கூட்டவும் குறைக்கவும் முடியும். சோடியம், பொட்டாசியம் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். மூன்றாவது வாரப் பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில் குளோர்தாலிடோனைத் தொடங்க வேண்டாம். அங்கே அம்லோடிபினோடு நிறுத்திக்கொள்ளும்படி எங்கள் உறுப்பினர்களிடம் சொல்கிறோம்.