பாலை இறங்கும்போது கொடுங்கள்



வல்லத்திலிருந்து ஐந்து மாதக் குழந்தை ஒன்று, லண்டனில் இருக்கும் அத்தையையும் மாமாவையும் பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக மீனம்பாக்கம் வரை கார். அங்கிருந்து துபாய்க்குச் சுமார் நாலு மணி நேரம், பிறகு லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல்.

"விமானம் மேலே ஏறும்போது காது வலிக்கும், பால் கொடுத்துவிடு" என்று பாட்டி சொல்லி அனுப்புவார். பாதிதான் சரி. காது அதிகம் வலிப்பது இறங்கும்போதுதான்.

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானலில் இருப்பதைப் போல வைத்திருப்பார்கள். அங்கிருந்து அரை மணி நேரத்தில் தரையின் அழுத்தத்துக்கு வந்துவிடுகிறோம். காதின் உட்புறத்தையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் வழியே காற்று வெளியேறுவது எளிது, உள்ளே போவது கடினம். குழந்தைக்கு அந்தக் குழாய் இன்னும் குறுகலானது. விழுங்கினால் அது திறக்கும். நாம் எச்சிலை விழுங்கிச் சமாளிப்போம். குழந்தைக்கு அது தெரியுமா?

ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், இறங்கும்போது பிள்ளை பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏறும்போது கொஞ்சம் போதும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது, தூங்கினாலும் மெல்ல எழுப்பி, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். துபாயில் ஒருமுறை, லண்டனில் ஒருமுறை. காதில் பஞ்சு வைப்பதால் அழுத்தம் மாறாது. எண்ணெய் விடவே வேண்டாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும் என்பதால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுத்தால் போதும். மேலே போனால் வயிற்றில் இருக்கும் காற்றும் விரியும், ஒவ்வொரு முறையும் ஏப்பம் விடச் செய்யுங்கள். பவுடர் பால் என்றால் வேளைக்கு வேளை அளந்து தனித்தனியாக எடுத்துப் போங்கள். கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

தூங்க வைக்க, முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் கிடைக்கும். அது சிலருக்குத்தான் கிடைக்கும், எடை வரம்பும் உண்டு. ஆகவே டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள். விமானம் குலுங்கினால் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, அதற்கென்று தரும் பெல்ட்டைப் போட வேண்டும். எனவே தொட்டில் இருக்கிறது என்று அம்மா அசந்து தூங்கிவிட முடியாது. அப்பாவோ பாட்டியோ உடன் வந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். தூக்கத்துக்காகச் சளி மருந்து கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. கைக்குழந்தைக்கு அது மூச்சையே பாதிக்கக்கூடும்.

சளி பிடித்திருந்தால் குழாய் அடைத்திருக்கலாம், பால் குடித்தாலும் வலி குறையாமல் போகலாம். கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அழுகை நிற்காமல், காய்ச்சல் வந்தாலோ காதில் நீர் வடிந்தாலோ, அன்றே அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள்.