குற்றாலம் சீசன்: பில்லில் 'நெட் 30' என்று எழுதினால் யாருக்கு லாபம்? சிறு உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டியவை

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கடைகளும் விடுதிகளும் களைகட்டும். அவற்றுக்குச் சரக்கு போடும் தென்காசி வட்டாரத்துச் சிறு உற்பத்தியாளர்களுக்கும் அதுதான் வருமானக் காலம். ஆனால் ஆர்டர் குவியும் அதே வாரங்களில்தான் பலருக்குக் கையில் காசு இருப்பதில்லை. காரணம், பில்லின் அடியில் இருக்கும் 'நெட் 30' என்ற ஒரு வரி.

நெட் 30 என்றால் என்ன?

பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். ஊர் வழக்கில் சொன்னால் ஒரு மாதக் கடன். தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ உட்பட, பில் போடும் மென்பொருள்கள் பலவற்றிலும் நெட் 15, நெட் 30, நெட் 45 என்ற பட்டியல் தயாராக இருக்கும். யோசிக்காமல் ஒன்றைத் தேர்வு செய்துவிட்டால் அடுத்தடுத்த பில்லிலும் அதுவே தொடரும்.

பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

ஒரு உதாரணம் பார்க்கலாம். தென்காசியில் ஒருவர் நேந்திரம் சிப்ஸ் தயாரிக்கிறார். குற்றாலத்தில் ஒரு விடுதிக்கு வாரம் 50,000 ரூபாய்க்குச் சரக்கு போடுகிறார். வாழைக்காய், எண்ணெய், கூலி என்று ஒவ்வொரு 50,000-க்கும் அவருக்கு 40,000 ரூபாய் செலவு. அது முழுக்கக் கைக்காசு. வாழைக்காய் மண்டியில் யாரும் 30 நாள் காத்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 1, 8, 15, 22, 29 என்று ஐந்து பில் போடுகிறார். நெட் 30 கணக்கில் முதல் பில்லின் பணம் வருவது ஜூலை 1-ல். அதாவது முதல் ரூபாய் கைக்கு வரும் முன்பே அவர் இரண்டு லட்சம் ரூபாயை வெளியே போட்டாக வேண்டும். இதே தவணை 15 நாள் என்றால் ஜூன் 16-ல் பணம் வரத் தொடங்கும். அதுவரை போயிருப்பது மூன்று பில்தான், முடங்கும் தொகை 1,20,000 ரூபாய். இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம் 80,000 ரூபாய். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு வாரச் சரக்கு போட்டிருக்கலாம்.

ஜிஎஸ்டியும் இதில் சேர்ந்துகொள்கிறது. மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர், ஜூன் 29-ல் போட்ட பில்லுக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்ட வேண்டும். அந்த பில்லுக்கான பணமோ ஜூலை 29-ல்தான் வரும். வாங்காத காசுக்கு வரியை முதலில் கட்டுவது அவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு இதற்கு வரம்பு வைக்கிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லாவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எதுவும் எழுதாவிட்டால் 15 நாள் என்று சட்டமே சொல்லும்போது, 'நெட் 30' என்று இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் உற்பத்தியாளர் தன் கையாலேயே 15 நாளைக் கூடுதலாகக் கொடுக்கிறார். மறுபக்கம், வாங்குபவர் 'நெட் 60' என்று எழுதச் சொன்னாலும் 45 நாளுக்கு மேல் அது செல்லாது.

தவணை தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்றால் வட்டி 16.5 சதவீதம். பணம் வராவிட்டால் குறு, சிறு தொழில் வசதியாக்க கவுன்சிலில் புகார் தரலாம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை. சரக்கு போடும் முன்பே உத்யம் பதிவு இருப்பது நல்லது. வாங்கி விற்கும் வியாபாரிகள் 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு பெற முடிந்தாலும், அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வாங்கி கேரளாவுக்கு அனுப்பும் வியாபாரிக்கு இந்த 45 நாள் கணக்கு பொருந்தாது. அவருக்கு பில்லில் எழுதி ஒப்புக்கொண்டதுதான் எல்லாம்.

வருமான வரி விதி உதவாதா?

2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவு, தாமதமாகப் பணம் தருபவருக்கு ஒரு நெருக்கடி கொடுத்தது. காலக்கெடு தாண்டியும் பாக்கி வைத்தால், பணம் கட்டிய ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டி வரிவிலக்கு பெற முடியும். ஆனால் இது நிதியாண்டு முடியும் மார்ச் 31-ல் நிலுவையில் இருக்கும் பாக்கியைத்தான் பாதிக்கும். குற்றாலம் சீசன் பில் எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. விடுதிக்காரர் அதை ஆறு மாதம் இழுத்தடித்து பிப்ரவரியில் கட்டினாலும் அவருக்கு இந்த விதியால் நஷ்டம் இல்லை. சீசன் வியாபாரிக்கு இந்த ஆயுதம் பாதிதான் வேலை செய்யும்.

சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி: லாபமா, நஷ்டமா?

'2/10 நெட் 30' என்று சில பில்களில் இருக்கும். 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத் தொகை என்று அர்த்தம். கேட்க ரெண்டு ரூபாய்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் கதை வேறு.

50,000 ரூபாய் பில்லில் 1,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, 49,000 ரூபாயை 20 நாள் முன்னதாக வாங்குகிறார். இருபது நாளுக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு மூன்று. ஊரில் சொல்லும் 'மூணு வட்டி' இதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீதம். இதே 49,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் வங்கி ஓவர்டிராஃப்டாக எடுத்தால் 20 நாளுக்கு வட்டி சுமார் 322 ரூபாய்.

அந்த பில்லில் அவருக்கு மிஞ்சுவதே 10,000 ரூபாய். தள்ளுபடி அதில் பத்தில் ஒரு பங்கு. எனவே வங்கி வரம்பு இருப்பவருக்கு இது நஷ்டம். வங்கிக் கடன் கிடைக்காமல், காசில்லாத ஒரே காரணத்தால் அடுத்த ஆர்டரை மறுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு மட்டும் இது கைகொடுக்கும். 1,000 ரூபாய் போனாலும் புது ஆர்டரில் 10,000 வருமே.

இதில் வழக்கமான ஒரு சிக்கலும் உண்டு. 25-ம் நாள் பணம் கட்டிவிட்டு, தள்ளுபடியையும் கழித்துக்கொள்வார்கள். பாக்கி நிற்கும் 1,000 ரூபாய்க்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்போ எப்படி எழுதுவது?

நாள் கணக்கை விட்டுவிட்டு நேரடியாகத் தேதியைப் போடுவது நல்லது. ஜூன் 1 பில் என்றால் இப்படி எழுதலாம்:

"பணம் செலுத்த வேண்டிய கடைசித் தேதி: ஜூன் 16. ஜூன் 6-க்குள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால் மட்டும் அரை சதவீதம் தள்ளுபடி. அதன் பிறகு கழித்தால் அது பாக்கியாகக் கருதப்படும். தாமதத்துக்கு 2006 சட்டப்படி வட்டி உண்டு." கூடவே உத்யம் எண்.

இதை பில்லில் அச்சடித்தால் மட்டும் போதாது. சரக்கு போன பிறகு பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று வாங்கியவர் சொல்லிவிடலாம். ஆர்டர் எடுக்கும்போதே இதே வரிகளை அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். சரக்கு இறக்கிய தேதியோடு டெலிவரி சலானில் கையெழுத்தும் வேண்டும். 15 நாள் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

இவ்வளவு இருந்தும், பெரிய வாடிக்கையாளரிடம் வட்டி கேட்டால் அடுத்த சீசன் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. அந்தப் பயத்தைச் சட்டம் போக்காது. ஆனால் எத்தனை நாள் கடன் கொடுக்கிறோம், அதற்கு எவ்வளவு பணம் முடங்கும் என்பதை மே மாதமே கணக்குப் போட்டுவிட்டால், எந்த ஆர்டரை எடுப்பது, எதை விடுவது என்பதை ஜூலையில் கடன்காரர் தீர்மானிக்க மாட்டார்.