ஆஃபர் லெட்டர் வரல... ஆதாரும் பாஸ்புக்கும் மட்டும் எதுக்கு? 'சேரும்போது தர்றேன்'னு சொல்லுங்க!

"உங்க ரெஸ்யூமே செலக்ட் ஆகிடுச்சு. ஆதார் ரெண்டு பக்கம், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் போட்டோ எடுத்து இன்னைக்கு மாலைக்குள்ள அனுப்புங்க." வேலை தேடும் பலருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். இன்டர்வியூ நடக்கவில்லை, சம்பளம் பேசவில்லை. ஆனாலும் கை தானாக கேலரியைத் திறக்கும். 'கேட்டதைக் கொடுக்கலைன்னா வேலை போயிடுமோ' என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை என்பதுதான் என் கருத்து.

கம்பெனிக்கு இது எப்போ தேவை?

பான் எண் தேவைப்படுவது சம்பளத்தில் வருமான வரி பிடிக்க. ஆதார் தேவைப்படுவது பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணுக்கு. வங்கிக் கணக்கு எண் தேவைப்படுவது சம்பளம் போட. மூன்றுமே நீங்கள் ஊழியர் ஆன பிறகு வரும் வேலைகள். உங்களைத் தேர்வு செய்யலாமா என்று முடிவெடுக்க ரெஸ்யூமே, சான்றிதழ், இன்டர்வியூ போதும். நேரில் போகும்போது வாசலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள். காட்டுவது வேறு, காப்பியை அனுப்புவது வேறு.

அனுப்பினா என்ன ஆகும்?

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனி, தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் எடுத்துவிட்டதாக ட்விட்டரில் புகார் சொன்னார். அதே சமயம் சாதாரண ஆட்கள் பலரும் இதே புகாரைச் சொன்னார்கள். தொகை சின்னதுதான். ஆனால் கட்டாத கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறினால், நாளைக்கு நீங்கள் பைக் லோன் கேட்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

வங்கி விவரத்தில் ஆபத்து வேறு மாதிரி. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் மட்டும் தெரிந்தால் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. அடுத்த கட்டம்தான் சிக்கல். "சம்பளத்துக்குப் புது அக்கவுண்ட் ஓபன் பண்ணுங்க, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் எங்ககிட்ட கொடுங்க" என்பார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் அதை முடக்கி விசாரிக்கும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர்.

கம்மாபுரம் பக்கம் ஒரு விதிவிலக்கு

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்துப் பசங்களுக்கு வேலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது நெய்வேலி என்எல்சி. அங்கே அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதே சான்றிதழ் நகல்களைக் கேட்பார்கள். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கும் ஆதார் வேண்டும். இது தப்பில்லையா? இல்லை. இங்கே அறிவிப்பு எல்லோரும் பார்க்கும் இணையதளத்தில் இருக்கிறது. எந்த ஆவணம், எந்த முகவரி, எந்தத் தேதி என்று எழுத்தில் இருக்கிறது.

"என்எல்சில எனக்கு ஆள் இருக்கு, ஆதாரும் பாஸ்புக்கும் கொடு தம்பி" என்று ஒருவர் கேட்டால், nlcindia.in தளத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் கொடுக்காதீர்கள். அவர் தெரிந்தவராக இருந்தாலும் சரி.

எப்படி மறுப்பது?

சண்டை வேண்டாம். இப்படி அனுப்பினால் போதும்:

"வணக்கம் சார். வாய்ப்புக்கு நன்றி. ஆதார், பான், வங்கி விவரங்களை ஆஃபர் லெட்டர் வந்து, நான் சேரும்போது ஹெச்ஆரிடம் தருகிறேன். இப்போதைக்கு ரெஸ்யூமேவும் சான்றிதழ்களும் அனுப்பியிருக்கிறேன். இன்டர்வியூ தேதியையும் கம்பெனி மெயில் ஐடியையும் சொல்லுங்கள்."

நிஜமான ஹெச்ஆர் "ஓகே" என்பார், அல்லது ஏன் இப்பவே வேண்டும் என்று கம்பெனி மெயிலிலிருந்து விளக்குவார். "அப்போ வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்று அவசரப்படுத்தினால், அதுவே பதில்.

ஒன்று மட்டும் கவனம். ஆஃபர் லெட்டரையே போலியாக அடித்து அனுப்புபவர்களும் உண்டு. லெட்டர் வந்ததும், கம்பெனி இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் பண்ணி உறுதி செய்யுங்கள். லெட்டரில் இருக்கும் எண்ணுக்குப் பண்ணாதீர்கள். அதன் பிறகும் முகவரிச் சான்றுக்கு ஆதார் கேட்டால், myaadhaar.uidai.gov.in தளத்தில் மாஸ்க்டு ஆதார் எடுத்துக் கொடுக்கலாம். அதில் கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும்.

ஏற்கனவே அனுப்பிட்டேனே?

sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ரிப்போர்ட் பண்ணலாம். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் இருந்தால் உடனே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்கள்.

வேலை கொடுப்பவர் உங்களைச் சோதித்துப் பார்க்கிறார். அவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கும் உண்டு. எழுத்தில் ஒரு ஆஃபர் கேட்பது திமிர் இல்லை.