"100% மக்கும்": எங்கே மக்கும்?

மாடித்தோட்டத்தில் காய்த்து ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்கினேன். வேரோடு ஒரு பச்சைப் பை வந்தது. மண்ணை உதறினால் இலைப் படமும் "100% மக்கும், இயற்கைக்கு உகந்தது" என்ற எழுத்தும் கலையாமல் இருந்தன. போன வருஷம் காய்கறிக் கடையில் கொடுத்த பை. அந்த எழுத்தை நம்பி நானேதான் புதைத்தேன்.

"சாதா பிளாஸ்டிக்குக்கு இது தேவலை. ரெண்டு நல்ல வார்த்தை போட்டால் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கெட்டுப்போகிறது. ஒரு பொருளைத் தூக்கிப் போடும் இடத்தை அந்த வார்த்தைதான் தீர்மானிக்கிறது. மக்கும் என்று படித்தவர் அதைக் கூசாமல் மண்ணில் போடுகிறார், வாய்க்காலில் விடுகிறார்.

மக்கும் பிளாஸ்டிக்குக்கு நம் நாட்டில் IS/ISO 17088 என்று ஒரு தரம் உண்டு. அதன் சோதனையில் உரக்கலவையைச் சுமார் 58 டிகிரி சூட்டில் வைத்திருப்பார்கள். 180 நாளுக்குள் பையில் உள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். பெரிய உரக்கூடத்தில் குவியலின் உள்சூடு அந்த அளவுக்கு ஏறும். என் தொட்டி மண் சித்திரை வெயிலிலும் அந்தச் சூட்டை மாதக்கணக்கில் தாங்கி நிற்காது. ஆகவே முறைப்படி தேறிய பைகூட அங்கே அப்படியே கிடக்கலாம்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலவகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் போட்டுப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கும் தன்மை உடையது என்று விற்ற ஒரு பை, மூன்று வருஷம் மண்ணிலும் கடல்நீரிலும் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது. உரமாகக்கூடியது என்று விற்ற வேறொரு பை, கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடைத்தது, சுமை தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரே பைக்கு இடத்துக்கு இடம் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, இடத்தைச் சொல்லாமல் "மக்கும்" என்று மட்டும் அச்சடிப்பதை நான் பொய் என்றே சொல்வேன்.

"சோளமாவில் செய்தது" என்பதும் இதே ரகம். எதிலிருந்து வந்தது என்பது வேறு, எப்படி மக்கும் என்பது வேறு.

அப்படியானால் எப்படி எழுதுவது? "இந்தப் பை தொழில்முறை உரக்கூடத்தில் 180 நாளுக்குள் மக்கும். வீட்டுத் தொட்டியிலோ நீர்நிலையிலோ போடாதீர்கள். தரம்: IS/ISO 17088. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண் இது." நாலு வரிதான். ஒவ்வொன்றையும் யாரும் சரிபார்க்கலாம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதையே கேட்கின்றன: "பசுமை", "சூழலுக்கு உகந்தது" போன்ற சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது.

"போடாதீர்கள் என்று எழுதினால் சரக்கு விற்காது" என்பார்கள் தயாரிப்பாளர்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் அந்தப் பையைத் தொட்டியில் புதைத்திருக்க மாட்டேன்.